டீலருக்குக் கடிதம் கொடுத்தேன், சீல் போட்டுக் கொடுத்தார்கள்

வணக்கம் மக்களே. முதலில் இந்தத் தாளைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். வண்டிக்கு முன் பிரேக் பேட் மாற்றுவது பற்றி டீலருக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் இது. கீழே வலது மூலையில் நீல மையில் ஒரு சீல், அதன் மேல் கையெழுத்து, பக்கத்தில் தேதி. இந்தச் சீலுக்காக கவுன்டரில் முக்கால் மணி நேரம் நின்றேன். "லெட்டரை வைத்துவிட்டுப் போங்கள், மேனேஜர் பார்ப்பார்" என்றார்கள். நகல் ஒன்று இருக்கிறது, அதில் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள், போய்விடுகிறேன் என்றேன். கடைசியில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

முன் பிரேக் பேட் கதையைப் போன வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதிகாரப்பூர்வ டீலரிடம்தான் மாற்றினேன். 4000 கிலோமீட்டர் கூட ஓடவில்லை, பேட் தேய்ந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், "இது நாங்கள் போட்டதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் "ஸ்பேர்ஸ் + லேபர்" என்று எழுதி ஒரே தொகை. பாக எண் இல்லை, வண்டி எண் இல்லை. அதன் தலையில் "எஸ்டிமேட்" என்று அச்சடித்திருப்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். எஸ்டிமேட் என்றால் இவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு. பணம் வாங்கியதற்கும் பொருள் கொடுத்ததற்கும் அது பில் ஆகாது. இந்தச் சீட்டு கொடுக்கும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அதனால் இந்த முறை வேலைக்கு விடுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்தேன். வேலை முடிந்த பிறகு கேட்டால் பழைய பேட் குப்பைக்குப் போயிருக்கும், பெட்டியும் போயிருக்கும். கடிதத்தைப் படிக்கிறேன்.

"பொருள்: முன் பிரேக் பேட் மாற்றுவதற்கு அசல் உதிரிபாகமும் முறையான பில்லும் கோருதல்.

ஐயா, வணக்கம். மேலே எண் குறிப்பிட்டுள்ள என் வண்டியின் முன் பிரேக் பேடுகளை உங்கள் பணிமனையில் மாற்ற விரும்புகிறேன். வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பெட்டியில், அந்நிறுவனத்தின் பாக எண்ணோடு வரும் பேடுகளையே பொருத்தக் கேட்டுக்கொள்கிறேன். என் சேசிஸ் எண்ணுக்கு உரிய பாக எண்ணை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும். பெட்டியை என் முன்னிலையில் பிரிக்கவும். கழற்றிய பேடுகளை என்னிடம் திருப்பித் தரவும். பாக எண், எண்ணிக்கை, பாகத்தின் விலை, கூலி, வரி ஆகியவை தனித்தனியாகவும், வண்டி எண், ஓடிய தூரம், பில் எண், தேதி ஆகியவற்றோடும் பில் தரவும்."

அவ்வளவுதான். பழைய சண்டையை இதில் ஒரு வரி கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்குத்தான் பதில் வந்திருக்கும், கேட்டதற்கு வந்திருக்காது.

"ஒரிஜினல் போடுங்கள்" என்று ஏன் எழுதவில்லை தெரியுமா? கவுன்டரில் அந்த வார்த்தைக்குப் பல அர்த்தம் உண்டு. பேடை வேறொரு கம்பெனி செய்து வண்டிக் கம்பெனிக்குக் கொடுக்கும். அதே கம்பெனி தன் சொந்தப் பெட்டியிலும் வெளியில் விற்கும். அது போலி இல்லை, நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆனால் அதற்கு வண்டிக் கம்பெனி பொறுப்பேற்காது. அதையும் "ஒரிஜினல்தான் சார்" என்று கொடுப்பார்கள், பொய் என்றும் சொல்ல முடியாது. அதனால் யாருடைய பெட்டி, யாருடைய எண் என்று எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அட, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், சேசிஸ் எண். சீல் வாங்கிய அடுத்த நாள் ஃபோன் வந்தது. "உங்கள் சேசிஸ் எண்ணைப் போட்டால் எதுவுமே வரவில்லை." எனக்கு வந்த கோபம்! தட்டிக் கழிக்கிறார்கள் என்றே நினைத்தேன். டார்ச் எடுத்துக்கொண்டு போய், துணியால் துடைத்து, ஹேண்டில் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். பிழை என்னுடையது. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்தை எழுதியிருக்கிறேன். 17 இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளையும் பயன்படுத்துவதே இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதற்காகவே விலக்கிவிட்டார்கள். ஆக, வட்டமாக இருந்தால் அது பூஜ்யம், நேர்க்கோடாக இருந்தால் அது ஒன்று. திருத்தி அனுப்பினேன், பத்து நிமிடத்தில் பாக எண் வந்துவிட்டது. ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம், பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் மாறியிருக்கலாம். அதனால் மாடல் பெயரை வைத்துப் பேட் கேட்பது போதாது.

சரி, வேலை நடந்த நாளுக்கு வருகிறேன். பெட்டியைக் கொண்டுவந்தார்கள். லேபிளில் இருந்த எண்ணின் கடைசி இலக்கம் அவர்கள் எழுதிக் கொடுத்ததோடு பொருந்தவில்லை. பிரிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பாகங்கள் பிரிவில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார்: பழைய எண் நின்றுபோய், அதற்குப் பதிலாகப் புது எண் வந்திருக்கிறது. இப்படி எண் மாறுவது சாதாரணமாக நடப்பதுதான், போலிக்கு அடையாளம் இல்லை. ஆனால் எந்த எண்ணுக்குப் பதில் எந்த எண் என்று கம்பெனியின் பட்டியலில் காட்ட முடிய வேண்டும். காட்டினார். பில்லில் புது எண்ணையே போடச் சொன்னேன்.

இப்போது பழைய பேடுகள். இதோ, கவரில் இருக்கின்றன. இதைப் பாருங்கள், உள்பக்கத்துப் பேடில் 1 மில்லிமீட்டர் கூட மிச்சம் இல்லை. வெளிப்பக்கத்தில் நன்றாகவே இருக்கிறது. இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் பேடின் தரத்தையோ நான் பிரேக் பிடிக்கும் விதத்தையோ சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் தேய்ந்தால், பெரும்பாலும் காலிப்பர் நகர்வதற்கான 'பின்' என்ற கம்பி இறுகியிருக்கும் அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் சரியாகத் திரும்பாமல் இருக்கும். மெக்கானிக் அண்ணனிடம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். அவரே பின்னைக் கழற்றினார். கிரீஸ் காய்ந்து, அந்தக் கம்பி பழுப்பேறியிருந்தது. இத்தனை நாள் போலிப் பேட் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது தப்பு. போன முறை பின்னைத் துடைத்து கிரீஸ் வைக்காமல் பேடை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பழைய பேடைக் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் புதுப் பேடும் இதே மாதிரிதான் தேய்ந்திருக்கும்.

பில்லும் வந்துவிட்டது. பேட் ஒரு செட், புது பாக எண், கூலி தனி, வரி தனி, ஓடிய தூரம், எல்லாம் இருக்கிறது. ஒரு வரியில் மட்டும் "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரு தொகை. அது என்ன என்று கேட்டேன், பிரேக் கிளீனரும் கிரீஸும் என்றார்கள். அப்படியே பெயரைப் போட்டுத் தரச் சொல்லி, மறுபடி அச்சடித்து வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.