சராசரியைத் தொடும் ஒருவர் கட்டாயம் இருக்கிறார்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 1 முதல் 10 வரையுள்ள எண்களை ஆளுக்கொன்றாக, நம் விருப்பப்படி கலைத்துக் கொடுத்துவிடுகிறோம். இனி, அடுத்தடுத்து இருக்கும் மூன்று பேரின் எண்களைக் கூட்டிப் பாருங்கள். எப்படிக் கலைத்திருந்தாலும் எங்காவது ஒரு மூவரின் கூட்டுத்தொகை 17 அல்லது அதற்கு மேல் வந்தே தீரும். பத்து எண்களைக் கலைக்க முப்பத்தாறு லட்சத்துக்கும் அதிகமான வழிகள் உண்டு. அத்தனையையும் சோதிக்காமல் இதை எப்படி உறுதியாகச் சொல்கிறோம்?

வட்டத்தில் மூவர் கூட்டங்கள் பத்து இருக்கின்றன. ஒவ்வொருவரும் சரியாக மூன்று கூட்டங்களில் வருகிறார். ஆகவே பத்துக் கூட்டுத்தொகைகளையும் சேர்த்தால், 55-இன் மூன்று மடங்கு, 165. சராசரி 16.5. பத்தும் 16.5-க்குக் கீழே இருந்தால் மொத்தம் 165-க்குக் கீழே போய்விடும், அது நடக்காது. எனவே ஒன்றாவது 16.5 அல்லது அதற்கு மேல். முழு எண்களைத்தான் கூட்டுகிறோம் என்பதால் 17.

ஒவ்வொருவரும் ஒரே அளவு தடவை எண்ணப்படுகிறார் என்பதுதான் இங்கே உயிர்நாடி. வட்டத்தை வெட்டி நேர்வரிசையாக்கிவிட்டால் ஓரத்தில் இருப்பவர் ஒரே ஒரு கூட்டத்தில்தான் வருவார். 165 என்ற கணக்கு அங்கே செல்லாது. இன்னொன்று, சராசரிக்கு மேல் பாதிப் பேர் இருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வாதம் அப்படிச் சொல்லவில்லை. ஒன்று உண்டு என்கிறது, அவ்வளவே. அது எங்கே என்றும் சொல்லாது.

17-உடன் நிறுத்தலாம். ஆனால் எதற்குச் சராசரி எடுக்கிறோம் என்பதை மாற்றினால் மேலும் ஒரு படி கிடைக்கும். எண் 1 வைத்திருப்பவரை மட்டும் எழுந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மீதி ஒன்பது பேர், அவருக்கு அடுத்த ஆளிலிருந்து தொடங்கி, மும்மூன்றாக மூன்று கூட்டங்களாகப் பிரிகிறார்கள். அவர்களுடைய மொத்தம் 54. சராசரி 18. ஆக, ஒரு கூட்டம் 18-ஐத் தொட்டே ஆகவேண்டும். சிறிய எண்ணை விலக்கியதால் மற்றவற்றின் சராசரி ஏறிவிட்டது.

19-க்குப் போக முடியுமா? முடியாது. 1, 10, 6, 2, 8, 7, 3, 5, 9, 4 என்று வட்டமாக வையுங்கள். பத்துக் கூட்டங்களையும் கூட்டிப் பாருங்கள், எதுவும் 18-ஐத் தாண்டாது. ஒரு வாதம் எட்டக்கூடிய எல்லையைத் தொட்டுவிட்டதா என்று அறிய, இப்படி ஓர் எதிர் உதாரணத்தைத் தேடிப் பார்ப்பதுதான் நல்ல வழி.

இதே சராசரியைக் கொண்டு, 1943-இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் டிபோர் செலே செய்த காரியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பத்துப் பேர் கேரம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒருமுறை ஆடுகிறார். மொத்தம் 45 ஆட்டங்கள், சமன் கிடையாது. முடிந்தபின் பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்துகிறோம்: ஒவ்வொருவரும் தனக்கு அடுத்து நிற்பவரை வென்றிருக்க வேண்டும். இப்படி எத்தனை வரிசைகள் அமையும்?

அது முடிவுகளைப் பொறுத்தது. பலத்தில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரை எப்போதும் வென்றிருந்தால் ஒரே ஒரு வரிசைதான். ஆனால் 45 ஆட்டங்களுக்கும் வரக்கூடிய முடிவுப் பட்டியல்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு வரிசை செல்லுபடியாக, பக்கத்தில் நிற்பவர்களுக்கிடையே நடந்த 9 ஆட்டங்கள் மட்டும் சொன்னபடி முடிந்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு முடிவுகள் என்பதால், 512 பட்டியல்களுக்கு ஒன்று வீதம் அந்த வரிசை செல்லும். எல்லா வரிசைகளுக்கும் இதே விகிதம்தான். மொத்த வரிசைகள் 36,28,800. அதை 512-ஆல் வகுத்தால், ஒரு பட்டியலுக்குச் சராசரியாக 7087.5 வரிசைகள்.

எனவே குறைந்தது 7088 வரிசைகள் உள்ள ஒரு முடிவுப் பட்டியல் இருக்கிறது. அதில் யார் யாரை வென்றார் என்று ஓர் ஆட்டத்தின் முடிவுகூட நமக்குத் தெரியாது. ஆனால் அது இருப்பதில் ஐயமே இல்லை.

இங்கேயும் ஒரு படி பாக்கி இருக்கிறது. செலேவுக்கு முன்பே, 1934-இல், லாஸ்லோ ரேடெய் என்ற இன்னொரு ஹங்கேரியர் ஒன்றை நிரூபித்திருந்தார்: முடிவுகள் எப்படி அமைந்தாலும், இத்தகைய வரிசைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்கும். 7088 இரட்டைப்படை. ஆகவே நாம் கண்ணால் காணாத அந்தப் பட்டியலில் வரிசைகள் குறைந்தது 7089.