நண்பருக்குக் கொடுத்த கடனுக்கு மாசத் தவணை எவ்வளவு?

கேள்வி: "ஃப்ரெண்டுக்கு 60,000 கடன் கொடுக்கப் போறேன். வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, 12 மாசத்துல அடைக்கிறதுன்னு பேசியிருக்கோம். மொத்தம் 67,200, அப்போ மாசம் 5,600. இது நியாயமான கணக்குதானா? ஒருவேளை வட்டியே வேண்டாம்னு விட்டுட்டா எப்படிப் போடறது?"

இல்லைங்க, 5,600 அதிகம். நீங்க 60,000-க்கு முழு வருஷ வட்டி போட்டிருக்கீங்க. ஆனா முதல் மாசமே அவர் அசல்ல ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துடறார். கடைசி மாசம் அவர் கையில இருக்கிறது 5,000 சொச்சம்தான். அதுக்கும் 60,000-க்கான வட்டியையே வாங்கறீங்க. இப்படி வாங்கினா பேச்சுக்குத்தான் 12 சதவீதம், நிஜத்துல 21 சதவீதத்துக்கு மேல போயிடுது.

சரியான வழி, அந்தந்த மாசம் மீதி நிக்கிற அசலுக்கு மட்டும் வட்டி போடறது. வருஷத்துக்கு 12-ன்னா மாசத்துக்கு நூத்துக்கு ஒண்ணு. அசலை 12-ஆல வகுத்தா மாசம் 5,000. முதல் மாசம் 60,000-க்கு வட்டி 600, அதனால தவணை 5,600. ரெண்டாவது மாசம் மீதி 55,000, வட்டி 550, தவணை 5,550. இப்படி மாசத்துக்கு 50 குறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசித் தவணை 5,050-ல முடியும். மொத்த வட்டி 3,900. உங்க கணக்குல வந்தது 7,200.

3,900 சரிதானான்னு பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கு. முதல் மாச மீதி 60,000, கடைசி மாச மீதி 5,000. ரெண்டுக்கும் சராசரி 32,500. அதுக்கு 12 சதவீதம் பாருங்க, அதே 3,900 வரும்.

மாசா மாசம் ஒரே தொகையா இருந்தாத்தான் அவருக்கு வசதின்னா, எக்செல்ல இதை அடிங்க:

```
=PMT(0.01,12,-60000)
```

5,330.93-ன்னு வரும். 5,331-ன்னு வெச்சுக்கிட்டு, முழுசாக்கினதுல வர்ற ஒண்ணு ரெண்டு வித்தியாசத்தைக் கடைசித் தவணையில சரிக்கட்டிக்கலாம். ஆனா நண்பர்களுக்குள்ள நான் சொல்றது முதல் முறையைத்தான். பேப்பர் பேனா இருந்தாப் போதும், ரெண்டு பேருமே சரிபார்த்துடலாம். தவணை குறைஞ்சுக்கிட்டே வர்றதும் வாங்கினவருக்கு நல்லதுதான்.

தேதி விஷயம் ஒண்ணு. பணம் கைமாறின நாள்லேருந்து முதல் தவணைக்குச் சரியா ஒரு மாசம் இருந்தாத்தான் 600. அவருக்குச் சம்பளம் வர்ற நாளைப் பார்த்து 18 நாள்லயே முதல் தவணை வெச்சீங்கன்னா, அந்த முறை வட்டி 355 தான். 60,000-க்கு ஒரு வருஷ வட்டி 7,200, அதை 365-ஆல வகுத்து 18-ஆல பெருக்கினா வந்துடும்.

சண்டை வர்ற இடம் பெரும்பாலும் தவணையை முழுசாக் கட்ட முடியாதப்போதான். மூணாவது மாசம் 5,500 வரணும், அவரால 3,000 தான் முடிஞ்சதுன்னு வைங்க. முதல்ல வட்டி 500-ஐ எடுத்துக்கங்க, மிச்சம் 2,500 அசல்ல கழியும். மீதி 45,000-க்குப் பதிலா 47,500. அடுத்த மாச வட்டி 450 இல்லை, 475. தாமதத்துக்கான ஈடு அந்த 25-லயே வந்துடுது, அதுக்கு மேல அபராதம்னு ஒண்ணு தேவையில்லைங்கிறது என் கருத்து. விட்டுப்போன 2,500-ஐ அடுத்த மாசமே சேர்த்துக் கேட்டா மறுபடியும் தடுக்கும். கடைசியில பதிமூணாவது தவணையா வைங்க.

ஒரு மாசம் ஒண்ணுமே கட்டலைன்னா, அந்த வட்டியை அசலோட சேர்க்காதீங்க. சேர்த்தா வட்டிக்கு வட்டி ஆயிடும், அது நீங்க பேசினது இல்லை. 'பாக்கி வட்டி'ன்னு தனிக் கட்டத்துல எழுதி, அடுத்து பணம் வர்றப்போ முதல்ல அதைக் கழிங்க. இந்த ரெண்டு விதியையும் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடியே அட்டவணைக்குக் கீழ எழுதிடுங்க. தவணை தவறின பிறகு பேசினா, ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும்.

வட்டி இல்லைன்னா வேலை பாதி. 60,000-ஐ 12-ஆல வகுத்தா 5,000, அவ்வளவுதான். 50,000 மாதிரி சரியா வகுபடாத தொகைன்னா 4,200 வீதம் பதினோரு தவணை, கடைசியா 3,800. ஆனா வட்டி இல்லாத கடன்ல தாமதமானா கணக்குல எதுவுமே ஏறாது, அதனால தள்ளிப்போடறது சுலபமாயிடும். அதுக்குத்தான் இதுலயும் தேதி, கட்டின தொகை, மீதின்னு மூணு கட்டம் போட்டு, ஒவ்வொரு தடவையும் மீதியை ரெண்டு பேரும் மெசேஜ்ல உறுதி பண்ணிக்கணும்.

இன்னொண்ணு, 12 மாசம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு தவணையை வகுக்காதீங்க. மாசம் எவ்வளவு தடையில்லாம முடியும்னு அவரையே கேளுங்க. 3,500 தான்னு சொன்னா, அசல் மாசம் 3,000, இருபது மாசம். முதல் தவணை 3,600 வரும், அந்த 100 தாங்குமான்னும் அப்பவே கேட்டுடுங்க. இந்தக் கணக்குல மொத்த வட்டி 6,300 ஆகும். அதையும் அவர்கிட்ட முன்னாடியே காட்டிடுங்க.