நிறுத்தியிருக்கும் காரில் துரு எந்த உயரத்தில் இருக்கிறது?

[திரையில்: ஒரு தெருப் புகைப்படம். ஓரமாக ஆறு வண்டிகள். தரையில் பனி இல்லை, மரங்களில் இலை இல்லை.]

இந்தப் படத்தில் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. நம்பர் பிளேட்டுகளும் மங்கல். ஆனாலும் இந்த ஊரில் எப்படிப்பட்ட குளிர்காலம் வரும் என்பதை இங்கே நிற்கும் வண்டிகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது, துரு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை.

[பழைய வெள்ளை பிக்கப்பின் பின்சக்கரம் பெரிதாகிறது.]

பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவைப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருக்கிறது, ஓரிடத்தில் தகடு ஓட்டையே ஆகிவிட்டது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடும் அப்படித்தான். ஆனால் கூரையும் பானட்டும் சுத்தமாக இருக்கின்றன. உப்புப் பட்டால் தகடு வேகமாகத் துருப்பிடிக்கும், குளிர்நாடுகளில் பனிக்கட்டியை உருக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள். துரு கீழே மட்டும் இருப்பதால், இந்த உப்பு சாலையிலிருந்து வந்திருக்கிறது. டயர் வாரியடிக்கும் உப்புச் சேறு அந்த வளைவின் உள்மடிப்பில் போய் அடைந்துகொள்ளும். அங்கே ஈரம் லேசில் காயாது. துரு உள்பக்கம் தொடங்கி வெளியே அரித்துக்கொண்டு வரும். இந்த அளவுக்கு வருவதற்குப் பல குளிர்காலங்கள் ஆகும்.

கடற்கரை ஊராக இருந்தால் உப்பு காற்றில் வந்து மேலே படியும். கூரை விளிம்பு, கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம், கல் தெறித்துப் பெயின்ட் போன புள்ளிகள் என்று துரு மேல்பாதியிலும் இருக்கும். பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியும் துருப்பிடித்திருக்கும். இங்கே ஒன்றில் ஏமாந்துவிடக் கூடாது. கூரையில் வெளிறிய திட்டு தெரிந்தால் அது வெயிலில் மேல்பூச்சு உரிந்ததாக இருக்கலாம். உரிந்த பூச்சின் ஓரம் பிசிறாக, வெண்மையாக இருக்கும். துருவின் பழுப்பு அதில் இருக்காது.

[பிக்கப்புக்கு அடுத்து நிற்கும் புதிய கறுப்பு கார்.]

இந்தக் காரில் துருவே இல்லை. ஆனால் கதவின் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம், மேலே போகப் போக மங்குகிறது. இது தூசியா, உப்பா? தூசி என்றால் பானட்டிலும் கூரையிலும்தான் அதிகம் படிந்திருக்கும். இங்கே அவை பளபளக்கின்றன, பக்கவாட்டின் அடிப்பகுதி மட்டும் வெளுத்திருக்கிறது. ஆகவே இது சாலை உப்பு. இதைப் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது பின்னால் உருவாகும் காற்றுச் சுழல் திவலையைப் பின்கண்ணாடி வரை இழுத்துவிடும், அதனால் பின்பக்கத்தை வைத்து உயரம் பார்க்க முடியாது.

இந்தப் படலம் நல்ல மழை ஒன்று பெய்தாலே போய்விடும். அதனால் இது அண்மைய நாட்களைப் பற்றிச் சொல்கிறது. பிக்கப்பின் துருவோ பல ஆண்டுகளைப் பற்றிச் சொல்கிறது. இரண்டும் ஒரே தெருவில் இருந்தால், இங்கே ஆண்டுதோறும் உப்புப் போடுகிறார்கள், இந்தப் பருவத்திலும் போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

[வெப்பமானி: 0, மைனஸ் 9, மைனஸ் 21.]

சரி, உப்பு இருந்தால் கடுங்குளிர் என்று அர்த்தமா? பலர் தவறுவது இங்கேதான். சாதாரண உப்பு நடைமுறையில் சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் வரைதான் நன்றாக வேலை செய்யும். மைனஸ் 21-க்குக் கீழே அதனால் பனிக்கட்டியை உருக்கவே முடியாது. ஆகவே வெள்ளைக் கறை அதிகம் காட்டுவது, வெப்பநிலை 0-ஐச் சுற்றி ஏறி இறங்கும் குளிர்காலத்தை. அமெரிக்க, கனடா எல்லையில் உள்ள பெரும் ஏரிகளைச் சுற்றிய பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உருகி உறைந்து உருகும் ஈரத்தில் துருவும் வேகமாகப் பிடிக்கும். குளிர்காலம் முழுக்க மைனஸ் 9-ஐவிடக் கீழே கிடக்கும் ஊர்களில் மணலும் சரளையும்தான் அதிகம் போடுவார்கள். அங்கே வண்டியின் அழுக்கு பழுப்பாக இருக்கும், முன்கண்ணாடிகளில் கல்பட்ட விரிசல்கள் கூடுதலாகத் தெரியும்.

[ஐந்தாவது வண்டி, சக்கரத்தைச் சுற்றிச் செம்மண் நிறச் சேறு.]

அப்புறம் சேறு. சேறு புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்கும், உப்புப் படலம் மாதிரி சீராக இருக்காது. அதன் நிறத்தைத் தெரு ஓரத்து மண்ணோடு ஒப்பிடுங்கள். இங்கே ஓரத்து மண் கறுப்பு, காரில் இருக்கும் சேறு சிவப்பு. இந்த வண்டி வேறெங்கோ போய்வந்திருக்கிறது, இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அதே சந்தேகம் பிக்கப் மேலும் வர வேண்டும். பழைய வண்டிகள் கைமாறி வெகுதூரம் போகும், துருவும் கூடவே போகும். அதனால்தான் எண்ணிப் பார்க்கிறோம். இந்தத் தெருவில் பழைய வண்டிகள் மூன்று, மூன்றிலுமே சக்கர வளைவு அரித்திருக்கிறது. புதியவை மூன்றில் இரண்டில் வெள்ளைப் படலம். செம்மண் வண்டியை விட்டாலும் கணக்கு நிற்கிறது.

[ஆறு வண்டிகளும் மீண்டும் திரையில்.]

ஆக, 0-ஐச் சுற்றி ஏறி இறங்கும் குளிர்காலம், சாலை உப்பு, கடைசியாக உப்புப் போட்ட பிறகு பெரிய மழை இல்லை. மேல்பாதியில் துரு இல்லாததால் கடலோரமாக இருக்கும் வாய்ப்பும் குறைவு. எந்த நாடு, எந்த ஊர் என்பதை வண்டிகள் சொல்லாது. அதற்குச் சாலைக் கோடுகளையும் மின்கம்பங்களையும் பார்க்க வேண்டும்.