காலையில் வண்டியடியில் பெட்ரோல் குட்டை! குற்றவாளி மலைக்காற்று இல்லை

(சரிவான சந்து, வண்டியடியில் ஈரம்)

குன்னூர், காலை ஆறரை மணி. சைடு ஸ்டாண்டில் நிற்கிறது என் பழைய 100 சிசி வண்டி. கிட்டே போனாலே பெட்ரோல் வாடை. இருபது உதை உதைத்தும் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், "மலையில காத்து கம்மி தம்பி, அப்படித்தான்" என்றார். காற்று மெலிந்தால் ஓடும் வண்டி கறுப்பாகப் புகை விடும், சரி. அணைந்து கிடக்கும் இன்ஜினுக்குக் காற்று எதற்கு?

கார்புரேட்டரின் முழுக் கதை இப்போது வேண்டாம். அதன் அடிக்கிண்ணம் போதும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலே மிதந்து வந்து குழாயை அடைக்குமே, அதேதான். இங்கே ஃப்ளோட் எழும்பி, அதன் நாக்கு நீடிலைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை மூடும். சரியாக மூடாவிட்டால் டேங்க் பெட்ரோல் ராத்திரி முழுக்கச் சொட்டும். கிண்ணத்துக்குள் நிற்கும் குட்டிப் பித்தளைக் குழாயின் வாய்வரை ஏறியதும் வெளியே வழியும். அந்தக் குழாய் அடைத்திருந்தால் இன்ஜினுக்குள்ளேயே போகும்.

(டீ டம்ளரைச் சாய்க்கிறார்)

எனக்குப் பிடித்த இடம் இதுதான். டம்ளரைச் சாய்த்தால் டீ சாயாது, விளிம்புதான் கீழே இறங்கும். சரிவில் நிற்கும் கார்புரேட்டரும் அப்படியே. ஃப்ளோட் மட்டம் கொஞ்சம் உயரமாக வைத்த வண்டி சமதரையில் சமாளிக்கும், சரிவில் வழியும். அதனால் ஒரு ராத்திரி சமதரையில், நடு ஸ்டாண்டில், பெட்ரோல் டேப்பைத் திறந்தே வைத்துப் பாருங்கள். வெளியில்தான், பக்கத்தில் பீடி கூடாது! அங்கேயும் சொட்டினால் சந்தேகம் நீடில் மேல். சரிவில் மட்டும் சொட்டினால் மட்டத்தின் மேல்.

மட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிண்ணத்தின் வடிகால் முனையில் கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, கிண்ணத்தின் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்துங்கள். உள்ளே எவ்வளவோ, டியூபிலும் அவ்வளவு. பல வண்டிகளில் கிண்ணம் கார்புரேட்டரோடு சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். என் வண்டியில் கோட்டைத் தாண்டி நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. கழற்றினால், நீடிலின் ரப்பர் முனையில் நகத்தில் தட்டுப்படும் வளையத் தடம். இதற்கு ஃப்ளோட் நாக்கை வளைத்துச் சரிக்கட்டுவது வெறும் ஒட்டுவேலை. நீடிலை மாற்றினேன், நின்றது.

உதைக்குமுன் ஆயில் குச்சியை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வாடை இல்லையென்றால் டேப்பை மூடி, சோக் இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதையுங்கள். அப்போதும் வரவில்லையா, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள்.

உங்கள் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தால் சொட்டுகிறது? கீழே எழுதுங்கள், அந்த அண்ணனுக்குக் காட்ட வேண்டும்.