வந்துகொண்டிருக்கும் லோடை யார் எண்ணுவது?

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வணிகர்களும் மேலாண்மை மாணவர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை மாணவர்கள் 16 பேரை நான்கு மேசைகளில் உட்கார வைத்து ஒரு விளையாட்டு ஆடினோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளியில் 1960-ஐ ஒட்டி உருவான விளையாட்டு இது. அங்கே இதற்குப் பெயர் பீர் விநியோக விளையாட்டு. பீர் என்பது பெயரில் மட்டும்தான், எந்தச் சரக்கை வைத்தும் ஆடலாம். நாங்கள் ஜவ்வரிசி மூட்டை என்று வைத்துக்கொண்டோம். ஒரு புளியங்கொட்டை ஒரு மூட்டை.

மேசைக்கு நான்கு பேர். முதலாமவர் ஏற்காட்டில் சில்லறைக் கடைக்காரர், அடுத்தவர் லீ பஜார் மொத்த வியாபாரி, மூன்றாமவர் விநியோகஸ்தர், கடைசியில் ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைக்காரர். ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 12 மூட்டை. சரக்கு தரும் அடுத்தவருக்கு, அதாவது மேலே இருப்பவருக்கு, ஆர்டர் சீட்டு போய்ச் சேர இரண்டு வாரம், சரக்கு வந்து சேர இன்னும் இரண்டு வாரம். கையில் தேங்கும் மூட்டைக்கு வாரம் அரை ரூபாய் செலவு. கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் மூட்டைக்கு வாரம் ஒரு ரூபாய். யாரும் யாரோடும் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டைக் கவிழ்த்து நகர்த்த வேண்டும். வாடிக்கையாளர் எவ்வளவு கேட்கிறார் என்பது ஏற்காட்டுக் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

ஐம்பது வாரம் ஆடப்போகிறோம் என்று சொல்லிவிட்டு 36-வது வாரத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். முடிவு தெரிந்தால் கடைசி வாரங்களில் எல்லோரும் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள், கணக்கு கெட்டுப்போகும்.

ஆட்டம் முடிந்ததும் ஆலைக்காரராக இருந்த மாணவியிடம், "வாடிக்கையாளர் கேட்டது எப்படிப் போயிருக்கும், வரைந்து காட்டும்மா" என்றேன். சேர்வராயன் மலையை வரைந்தார். ஏற்றம், உச்சி, பள்ளம், மறுபடி ஏற்றம். அப்புறம் வாடிக்கையாளர் சீட்டுக் கட்டை ஒவ்வொன்றாகத் திருப்பினோம். நாலு, நாலு, நாலு, நாலு. ஐந்தாவது வாரம் எட்டு. அதன் பிறகு கடைசி வரை எட்டேதான். அறையில் சத்தமே இல்லை.

சரி, அந்த மலை எங்கிருந்து வந்தது? கடைக்காரரின் கணக்கை மட்டும் எடுத்துப் பார்ப்போம். மேலே சரக்குத் தட்டுப்பாடு இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

ஐந்தாவது வாரம் அவருக்கு 4 மூட்டை வருகிறது, 8 போகிறது. கையிருப்பு 12-லிருந்து 8. முந்தைய ஆர்டர்கள் எல்லாம் நாலு நாலாகத்தானே கொடுத்தவை, அதனால் அடுத்த மூன்று வாரமும் நாலுதான் வரும். ஆறாவது வாரம் 4, ஏழாவது வாரம் பூஜ்யம், எட்டாவது வாரம் 4 மூட்டை பாக்கி.

அவர் மனசு எப்படி ஓடுகிறது? விற்பது எட்டு, அதோடு அலமாரியில் குறையும் அளவையும் சேர்த்து ஆர்டர் போடுவோம் என்று. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஐந்தாவது வாரம் குறை 4, ஆர்டர் 12. அடுத்து குறை 8, ஆர்டர் 16. அடுத்து 20, அடுத்து 24. கவனியுங்கள், ஆறாவது வாரம் அவர் எழுதும் குறையில் ஐந்தாவது வாரமே கேட்டுவிட்ட நாலும் அடங்கியிருக்கிறது. ஏழாவது வாரம் அது மூன்றாம் முறையாக எழுதப்படுகிறது. கேட்ட சரக்கு மலைப்பாதையில் வந்துகொண்டிருக்கிறது. அலமாரி மட்டும் காலியாகத் தெரிவதால் கை மறுபடியும் எழுதுகிறது.

ஒன்பதாவது வாரத்தில் இருந்து லோடு இறங்க ஆரம்பிக்கிறது. 12, 16, 20, 24, 20, 12. பதினான்காவது வாரம் கடையில் 52 மூட்டை நிற்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது 12. பதினோராவது வாரத்திலேயே ஆர்டரை நிறுத்திவிட்டார், ஆனாலும் ஏற்கெனவே கேட்டதை யார் தடுப்பது?

ஜான் ஸ்டெர்மன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் அளந்து காட்டினார். அணிகளின் சராசரிச் செலவு 2,028 டாலர், திறம்பட ஆடியிருந்தால் 204 டாலரில் முடிந்திருக்கும். பத்து மடங்கு. வர வேண்டிய சரக்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஆட்டக்காரர்கள் கணக்கில் எடுத்தார்கள் என்று அவர்கள் எழுதிய ஆர்டர்களில் இருந்தே கண்டுபிடித்தார். காலையில் நான் பார்த்ததும் அதையேதான். மாணவர்கள் எல்லோரும் மொத்த வியாபாரியைத்தான் திட்டினார்கள். மொத்த வியாபாரியாக இருந்தவர் கடைக்காரரைத் திட்டினார்.

திருத்தம் எளிது. ஆர்டர் தாளில் "வர வேண்டியது" என்று ஒரு பத்தி போடுங்கள். வாரம் 8 விற்றால், சீட்டு போய்ச் சரக்கு வர ஆகும் நாலு வாரத்துக்கு 32, அலமாரிக்கு 12, ஆக மொத்தம் 44. ஐந்தாவது வாரம் கையில் 8, வழியில் 12, சேர்த்து 20. மீதி 24-ஐ ஒரே தடவை எழுதுங்கள். அடுத்த வாரத்தில் இருந்து எட்டு எட்டாகப் போதும்.

இங்கே வணிகர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தத் திருத்தப்படி கடைக்காரர் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டார், ஆனாலும் நாலு கேட்டவர் திடீரென்று 24 கேட்கிறாரே, அந்தச் சீட்டு லீ பஜாரில் எப்படிப் படிக்கப்படும்?

தகவல் பகிர்வின் பயன் இங்கேதான் தெரிகிறது. ஏழாவது வாரம் மொத்த வியாபாரி சீட்டைத் திருப்புகிறார். அவரிடம் 12 இருந்தது, 4 வந்தது, 24 கேட்கிறார்கள், 8 பாக்கி. வழியில் 12 வருகிறது. 24-ஐ வாராந்திர விற்பனை என்று நம்பினால் அவருக்கு நாலு வாரத்துக்கு 96, கையிருப்புக்கு 12, மொத்தம் 108 வேண்டும். பாக்கி போக அவர் கணக்கில் நிற்பது 4. ஆக 104 மூட்டை கேட்பார். ஏற்காட்டில் விற்பது எட்டுதான், மற்ற 16 வழியை நிரப்ப ஒரு தடவை கேட்டது என்று தெரிந்தால், 44-இல் நாலு போக 40 கேட்பார். அடுத்த வாரம் எட்டுக்கு வந்துவிடுவார். சீட்டில் உள்ள எண் ஒன்றே. அதன் பின்னால் இருக்கும் விற்பனை தெரிவதும் தெரியாததும்தான் 64 மூட்டை வித்தியாசம். விநியோகஸ்தருக்கு 104 போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கணக்குக்கே விடுகிறேன்.

ஆனால் விற்பனையை எல்லோருக்கும் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். குரோசன், டோனஹியூ என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வாடிக்கையாளருக்குக் கடையில் நடக்கும் விற்பனையைக் காட்டியபோது ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் குறைந்தது, நிற்கவில்லை. ஒவ்வொருவர் கையிருப்பையும் எல்லோருக்கும் காட்டியபோதும் குறைந்தது, அதில் அதிகப் பலன் ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான். வாடிக்கையாளர் கேட்பது எந்த அளவில் ஏறி இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட சோதனையில்கூட, வழியில் வரும் சரக்கை ஆட்கள் குறைத்தே எண்ணினார்கள். எனவே காட்டுவதும் வேண்டும், எண்ணுவதும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

விளையாட்டில் இல்லாத சிலவும் நம் பஜாரில் உண்டு. தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால் பத்து வேண்டிய இடத்தில் இருபது எழுதி வைப்பது, அப்புறம் ரத்து செய்வது. விலை இறங்கும்போது மொத்தமாக அள்ளுவது. இந்த மேசையில் ரத்தும் கிடையாது, விலை மாற்றமும் கிடையாது. அவை எதுவும் இல்லாமலே மலை எழும்புகிறது என்பதால்தான் இதை உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

மதியம் அதே நான்கு மேசைகளில், அந்தப் பத்தியைச் சேர்த்து, கடையின் விற்பனையைக் கரும்பலகையில் எழுதி இரண்டாம் முறை ஆடினோம். நாலு எட்டாவதை மாற்றி வேறு எண்கள் வைத்திருந்தேன். பத்தாவது வாரம் போல ஒரு பையன் கையைத் தூக்கினான். கையில் 3 மூட்டைதான், ஆனால் வழியில் 60 வருகிறது. பென்சிலைத் தாளின் மேலேயே நிறுத்திவைத்து, "சார், அலமாரி காலியா இருக்கும்போது ஆர்டரில் பூஜ்யம் எழுதலாமா?" என்று கேட்டான். எழுதலாம் என்றேன். கொஞ்ச நேரம் அந்த 60-ஐயே பார்த்துவிட்டு, எழுதினான்.