சைக்ளோட்ரானின் தாளம் தப்பும் இடம்

அவையோருக்கு வணக்கம்.

1 டெஸ்லா காந்தப்புலத்தில் சுற்றும் ஒரு புரோட்டானை எடுத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கையில் வட்டப்பாதையின் ஆரம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். ஆற்றல் நான்கு மடங்கானால் வேகம் இருமடங்காகிறது. ஆரமும் 29 சென்டிமீட்டராக விரிகிறது. ஓட வேண்டிய தூரமும் ஓடும் வேகமும் ஒரே விகிதத்தில் கூடுவதால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் இரண்டு நிலையிலும் ஏறத்தாழ 66 நானோ நொடிதான். qvB = mv²/r என்பதிலிருந்து கிடைக்கும் f = qB/2πm என்ற கோவையில் வேகத்துக்கு இடமே இல்லை.

1931 ஜனவரியில் பெர்க்லியில் லாரன்சும் லிவிங்ஸ்டனும் சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். மாறாத அதிர்வெண்ணில் 2,000 வோல்ட்டுக்கு மேற்படாத மின்னழுத்தத்தை D வடிவ மின்முனைக்குக் கொடுத்து, ஹைட்ரஜன் மூலக்கூறு அயனிகளை 80,000 எலக்ட்ரான் வோல்ட் வரை ஏற்றினார்கள். அயனி அந்த மின்முனையின் விளிம்பில் உள்ள இடைவெளிக்கு வரும்போதெல்லாம் மின்புலம் சரியான திசையில் காத்திருந்தது.

ஆனால் அந்தக் கோவையில் உள்ள நிறை m மாறிலி அன்று. சார்பியலின்படி, ஆற்றல் ஏற ஏற அது γ மடங்காகி γm ஆகிறது. சுற்றும் அதே விகிதத்தில் தாமதமாகிறது. புரோட்டானின் ஓய்வு ஆற்றல் 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆதலால், 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் தாமதம் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தாமதம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. சுற்றுக்கு அதிகபட்சம் 0.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும் கருவியில், மின்னழுத்தத்தின் உச்சத்தில் புறப்படும் புரோட்டான் ஏறத்தாழ 5.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டும்போதே கால் சுழற்சி பின்தங்கிவிடுகிறது. அதன்பின் இடைவெளியில் அது சந்திப்பது எதிர்த்திசைப் புலத்தை. ஏறிய ஆற்றல் இறங்கத் தொடங்குகிறது.

புலத்தைச் சற்றுக் கூட்டி, புரோட்டானை முதலில் முந்தவிட்டுப் பிறகு பின்தங்கச் செய்தால், இந்த எல்லையை ஏறத்தாழ 15 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை நீட்டலாம். மின்னழுத்தத்தை உயர்த்துவதும் ஒரு வழிதான், ஆனால் செலவுமிக்க வழி: எல்லை மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்திருப்பதால், நான்கு மடங்கு வோல்ட் கொடுத்தாலும் ஆற்றல் இரண்டு மடங்குதான் ஆகும். அப்படியானால் நிறைக்கு ஈடாகப் புலத்தையும் விளிம்பை நோக்கி வலுவாக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எளிய சைக்ளோட்ரானில் அது முடியாது. அயனிக்கற்றை மேலும் கீழும் சிதறாமல் நடுத்தளத்தில் நிற்க, புலம் விளிம்பை நோக்கிச் சற்றே குறைய வேண்டும். ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடுகிறது. 1937இல் பெத்தேயும் ரோஸும் சுட்டிக்காட்டிய முட்டுக்கட்டை இதுதான்.

பெர்க்லியின் 184 அங்குலக் கருவி 1946இல் இயங்கியபோது, அயனிகளின் தாமதத்துக்கு ஏற்ப மின்னழுத்தத்தின் அதிர்வெண்ணே இறங்கிக்கொண்டு வந்தது. டியூட்ரான்கள் 190 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டின. அதற்கு ஈடாக, தொடர்ந்து பாய்ந்த கற்றை துடிப்பு துடிப்பாகத்தான் வந்தது. இறங்கும் அதிர்வெண்ணோடு ஒரு கூட்டம் விளிம்பை அடைந்த பிறகே அடுத்த கூட்டம் மையத்திலிருந்து புறப்பட முடிந்தது.