அடிவிளிம்பிலிருந்து அளக்காதீர்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு வீடியோ போடுவதாக இருந்தேன். ஆனால் சிலிக்கா பூசிய தட்டில் கரைப்பானை ஏறவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் டிஎல்சி பற்றிய போன வீடியோவுக்குக் கீழே நீங்கள் அனுப்பிய தட்டுப் படங்களைப் பார்த்ததும் இதைப் பேசாமல் இருக்க முடியவில்லை. கரைப்பான் ஏறிய தூரத்தில் எத்தனை பங்கு புள்ளி ஏறியது என்பதுதான் ஆர்எஃப். ஒரே புள்ளிக்கு அது 0.30 என்கிறார் ஒருவர், பக்கத்து மேசைக்காரர் 0.42 என்கிறார். கரைப்பானில் ஏதோ கோளாறு என்று இரண்டு பேரும் நினைக்கிறார்கள். கோளாறு கரைப்பானில் இல்லை, ஸ்கேலை வைத்த இடத்தில் இருக்கிறது!

நாம் போன முறை செய்த அதே பென்சோஃபீனோனையே எடுத்துக்கொள்வோம். சோடியம் போரோஹைட்ரைடு போட்டால் அது டைஃபீனைல்மெத்தனால் என்ற ஆல்கஹாலாக மாறுகிறது. வினை முடிந்ததா என்று பார்க்கத்தான் தட்டு. புள்ளிகளை வைக்கும் தொடக்கக் கோட்டைத் தட்டின் அடிவிளிம்பிலிருந்து 1 செ.மீ. மேலே போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டிலிருந்து கரைப்பான் 5.0 செ.மீ. ஏறியிருக்கிறது, ஆல்கஹால் புள்ளியின் நடுப்பகுதி 1.5 செ.மீ. ஏறியிருக்கிறது. 1.5 ÷ 5.0 = 0.30. அவ்வளவுதான். இரண்டுமே நீளம் என்பதால் அலகு கிடையாது.

இப்போது அடிவிளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். 2.5 ÷ 6.0, அதாவது 0.42. மேலே போன பென்சோஃபீனோனுக்குச் சரியான விடை 3.0 ÷ 5.0 = 0.60, தவறாக அளந்தால் 0.67. கீழே இருக்கும் புள்ளிக்குத்தான் பிழை பெரிதாகிறது, கவனித்தீர்களா? கொஞ்சம்கூட நகராமல் கோட்டிலேயே நிற்கும் புள்ளிக்கு ஆர்எஃப் சுழியமாக வர வேண்டும். இந்த முறையில் அதற்கும் 1 ÷ 6, அதாவது 0.17 வந்துவிடும். நகராத பொருளுக்கு நகர்ந்ததாக ஒரு எண்! எனக்கு இதைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். கரைப்பான் எங்கே வரை ஏறியது என்பதைத் தட்டை வெளியே எடுத்த உடனே பென்சிலால் குறித்துவிடுங்கள். ஹெக்சேன் நொடிகளில் ஆவியாகிவிடும், அப்புறம் அந்த 5.0 வெறும் ஊகம்தான். பேனா வேண்டவே வேண்டாம், மை கரைந்து கரைப்பானோடு சேர்ந்து மேலே ஏறும்.

சரி, கரைப்பானுக்கு வருவோம். நிறைய பேர் வெறும் எத்தில் அசிடேட்டை ஊற்றுகிறீர்கள். அதில் இரண்டு புள்ளிகளும் உச்சிக்கு ஓடி ஒட்டிக்கொள்ளும். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பார்த்தால் ஒரே புள்ளி போலத் தெரியும், வினை முடிந்துவிட்டதாக நம்பிவிடுவீர்கள். வெறும் ஹெக்சேனில் இரண்டும் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். காரணம் சிலிக்காவின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள். ஆல்கஹாலுக்கும் ஹைட்ராக்சில் உண்டு, அதனால் ஹைட்ரஜன் பிணைப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பென்சோஃபீனோனிடம் கார்பொனைல் மட்டும்தான், பிடி தளர்வு. எத்தில் அசிடேட் அதே இடங்களுக்குப் போட்டியிட்டு இரண்டையும் கிளப்பிவிடுகிறது. ஹெக்சேனால் அது முடியாது.

அதனால் நான் 9:1-இல் தொடங்கினேன், ஹெக்சேன் ஒன்பது பங்கு, எத்தில் அசிடேட் ஒரு பங்கு. ஆல்கஹால் 0.6 செ.மீ. மட்டும் ஏறியது, ஆர்எஃப் 0.12. பிரிந்துதான் இருக்கிறது, ஆனால் கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால், நகராமல் தங்கிய அசுத்தத்தையும் அதையும் பிரித்துப் பார்ப்பது கடினம். 4:1-க்கு மாற்றினேன். 0.60, 0.30! இடையில் 1.5 செ.மீ. வெற்றிடம். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. அந்தத் தட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள், எவ்வளவு அழகு!

எத்தில் அசிடேட்டைப் பத்து சதவீதத்திலிருந்து இருபதாக்கியதும் 0.12 எங்கே போனது பார்த்தீர்களா? இருமடங்கைத் தாண்டிவிட்டது. அதனால் 1 மி.லி. எத்தில் அசிடேட்டைப் பெரிய அளவு உருளையில் குத்துமதிப்பாக ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. சிறிய பிப்பெட்டில் எடுங்கள். கலவையைப் புதிதாக, புகை வெளியேற்றும் அறைக்குள் வைத்துத் தயாரியுங்கள்.

கரைப்பானின் ஆழத்தைச் சொன்னேனா? அரை செ.மீ. போதும். அது கோட்டுக்குக் கீழேதான் நிற்க வேண்டும், இல்லையென்றால் புள்ளி ஏறாமல் கீழே கரைப்பானில் கரைந்துபோகும். ஜாடிக்குள் வடிதாள் ஒன்றை வைத்து மூடி போட்டு, ஆவி நிறையட்டும், அப்புறம் தட்டை இறக்குங்கள்.

இன்னொரு விஷயம். தட்டில் தொடக்கப்பொருளை ஒரு பாதையிலும், வினைக்கலவையை மறு ஓரத்திலும், நடுவில் இரண்டையும் ஒரே இடத்திலும் வையுங்கள். ஆர்எஃப் தட்டுக்குத் தட்டு கொஞ்சம் மாறும், ஆனால் ஒரே தட்டில் பக்கத்தில் ஏறியவற்றை ஒப்பிடலாம். பதிவேட்டில் 0.30 என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், சிலிக்கா, ஹெக்சேன் : எத்தில் அசிடேட் 4:1 என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.